"சார், ஒரு விஷயம் சொல்லணும்": முதல் தடவை வந்து சொல்பவரிடம் எப்படிப் பேசுவது? மேலாளர்கள் கேட்கும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் ஜவுளிக்கடை, அரிசி ஆலை, சிறிய மருத்துவமனை என்று பல இடங்களில் சூப்பர்வைசர்களுக்கும் ஃப்ளோர் மேனேஜர்களுக்கும் பயிற்சி நடத்தி வருகிறேன். கூட வேலை செய்கிறவர் தன்னைக் கொடுமைப்படுத்துகிறார் என்று ஒரு ஊழியர் முதல் தடவையாக வாய் திறக்கும் அந்த இருபது நிமிடத்தைப் பற்றித்தான் எங்கே போனாலும் சந்தேகங்கள் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பதில்களில் ஒரே உதாரணம் திரும்பத் திரும்ப வரும். ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் 22 வயதுப் பெண் ஒருவர், அவரைப் பாடாய்ப் படுத்தும் சீனியர் சேல்ஸ்மேன் ஒருவர். பயிற்சியில் நடித்துப் பார்ப்பதற்காக நாங்கள் உருவாக்கிய கதை இது. எந்தக் கடையையும் குறிப்பதல்ல.

டார்ச்சர்னு எதைச் சொல்றது? வேலை வாங்கினாலே டார்ச்சர்னா நாங்க எப்படி வேலை வாங்குறது?

மடித்த சேலையைச் சரியாக அடுக்கவில்லை என்று கண்டிப்பது வேலை வாங்குவது. அதே பெண்ணை மட்டும் வாடிக்கையாளர் முன்னால் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது, அவர் விற்ற சேலையை வேறொருவர் பெயரில் பில் போட வைத்து இன்சென்டிவைத் தட்டிவிடுவது, சாப்பாட்டு நேரத்தில் யாரும் அவரோடு உட்காரக் கூடாது என்று மற்றவர்களிடம் சொல்லி வைப்பது, இதெல்லாம் டார்ச்சர். கண்டிப்பு தவறைப் பார்த்து வரும், தவறு சரியானதும் நின்றுவிடும். டார்ச்சர் ஆளைப் பார்த்து வரும். திரும்பத் திரும்ப வரும். எதிர்த்துக் கேட்க முடியாதவர் மேல் வரும்.

சின்ன விஷயமாகத் தெரிவதும் சில நேரம் சின்னதாக இருக்காது. எங்கள் கதையில் சீனியர் அந்தப் பெண்ணின் ஸ்டூலை அடிக்கடி எடுத்துப் போய்விடுவார். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தந்தாக வேண்டும். ஆகவே அது வெறும் ஸ்டூல் சண்டை இல்லை. ஆனாலும் ஒன்று. அவர் வந்து சொல்லும் அந்த நேரத்தில், இது டார்ச்சரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை. கேட்டுக்கொள்வதும் சரியான இடத்துக்குக் கொண்டுபோவதும்தான் உங்கள் வேலை. இனி வரும் பதில்களுக்கெல்லாம் இதுதான் அடிப்படை.

யாரும் வந்து "புகார்"னு சொல்றதே இல்லையே, எங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்படிச் சொல்ல மாட்டார்கள். வேறு ஏதாவது ஒரு கோரிக்கையாகத்தான் வரும். "என்னை ரெடிமேட் செக்‌ஷனுக்கு மாத்திடுங்க சார்", "அடுத்த மாசத்தோட நின்னுக்கறேன்", "அம்மாவுக்கு உடம்பு முடியல, ஒரு வாரம் லீவு வேணும்" என்பார்கள். ஆலையில் என்றால், "அந்த ஷிஃப்டு எனக்கு ஒத்து வரல" என்பார்கள்.

பெரும்பாலான மேலாளர்கள் இந்தக் கோரிக்கைக்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஆள் பற்றாக்குறை, இப்போது மாற்ற முடியாது என்றதும் கதவு சாத்திக்கொள்கிறது. "மாத்தறதைப் பத்திப் பேசலாம்மா. இங்க ஏதாவது கஷ்டமா இருக்கா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். இல்லை என்றால் துருவ வேண்டாம். "எப்ப வேணாலும் வந்து சொல்லலாம்" என்று சொல்லிவிடுங்கள். முதல் நாள் ஒன்றுமில்லை என்றவர் பத்து நாள் கழித்து வருவது சகஜம்.

ஆடித் தள்ளுபடி கூட்டத்துல வந்து நின்னா என்ன பண்றது?

"அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் காதில் அது "வேண்டாம்" என்றுதான் விழும். நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள்: "இது முக்கியம். அவசரமா கேக்க விரும்பல. நாலு மணிக்குக் கூட்டம் குறையும், குடோன் ரூமுக்கு வா." நாலு மணிக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும். ஆனால் யாராவது அடித்துவிட்டார்கள், வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது என்றால் கல்லாவை வேறொருவரிடம் விட்டுவிட்டு அப்போதே கேட்க வேண்டும்.

இடம் என்று பார்த்தால், மற்றவர்கள் கண்ணில் படலாம், காதில் விழக் கூடாது. ஆண் மேலாளர் பெண் ஊழியரிடம் பேசும்போது கதவு திறந்திருக்கட்டும். உடன் யாராவது இருக்க வேண்டுமா என்று அவரையே கேளுங்கள், நீங்களாக ஒருவரை அழைத்து வர வேண்டாம். டீக்கடை வேண்டவே வேண்டாம். நம் ஊரில் பக்கத்து பெஞ்சில் இருப்பவர் சீனியருக்குச் சித்தப்பாவாக இருப்பார்.

உக்காந்ததும் முதல் வார்த்தையா என்ன சொல்லணும்?

ரகசியத்துக்கு எல்லை எது என்பதை அவர் எல்லாவற்றையும் கொட்டுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். நான் பயிற்சியில் சொல்லித் தருவது இப்படி:

"சொல்லும்மா, கேக்குறேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். நீ சொல்றது கடையில நாலு பேர் வாய்க்குப் போகாது. ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, இல்ல கட்டாயம் மேல சொல்ல வேண்டிய விஷயமா இருந்தா, சம்பந்தப்பட்ட ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். அப்படிச் சொல்றதா இருந்தா யார்கிட்ட, என்ன சொல்லப் போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிடுவேன்."

இதைச் சொன்னால் பயந்து எழுந்து போய்விடுவாரே என்று கேட்பார்கள். சிலர் தயங்குவார்கள், உண்மைதான். அந்தத் தயக்கம் அவருடைய உரிமை. எவ்வளவு சொல்வது என்று தெரிந்து முடிவெடுக்கிறார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு இந்த எல்லையைச் சொன்னால் அவருக்கு அது பொறி வைத்தது மாதிரி இருக்கும்.

அவங்க பேசப் பேச நான் சும்மா கேட்டுட்டே இருக்கணுமா?

முதல் ஐந்து நிமிடம் ஏறக்குறைய அப்படித்தான். போனைக் கவிழ்த்து வையுங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் கொஞ்சம் நிறுத்துங்கள். பயிற்சியில் மிகக் கஷ்டமான பாடம் இதுதான். இடைவெளி விழுந்ததுமே மேலாளர்கள் அறிவுரையால் அதை நிரப்பிவிடுகிறார்கள். அழுதால் தண்ணீர் கொடுங்கள், காத்திருங்கள். "அழாதே" என்று அவசரப்படுத்த வேண்டாம்.

அப்புறம் நான்கே கேள்விகள்: என்ன நடந்தது, எப்போது, யார் யார் இருந்தார்கள், இப்போது உனக்கு என்ன வேண்டும். "ஏன்" என்று தொடங்கும் கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். "ஏன் அப்பவே சொல்லல?" என்பது கேட்பவருக்கு விசாரிப்பு, பதில் சொல்பவருக்குக் குற்றச்சாட்டு. அதேபோல, "அவர் பதினஞ்சு வருஷமா இருக்காரு, அப்படிப்பட்டவர் இல்லையே" என்பது. நீங்கள் நினைத்ததைத்தான் சொன்னீர்கள், ஆனால் அந்தப் பெண்ணின் பேச்சு அதோடு முடிந்துபோகும். எதிர்ப்பக்கம் சாய்ந்து "அவன் அப்படித்தான், எனக்கு அப்பவே தெரியும்" என்பதும் தவறு. நாளைக்கு விசாரணை நடக்கும்போது, மேலாளர் முன்பே முடிவு கட்டிவிட்டார் என்று சீனியர் சொல்ல அதுவே காரணமாகிவிடும். "சொன்னது நல்லதும்மா, இது லேசான விஷயமில்லை" என்பது போதும்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார், சத்தியம் பண்ணுங்க"ன்னு கையை நீட்டினா?

சத்தியம் செய்யாதீர்கள். இதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஓர் ஆலையில் நான் சூப்பர்வைசர். லோடு ஏற்றும் பகுதியில் இருந்த ஒரு பையன், மூத்தவர் ஒருவர் தன்னைத் தினமும் மட்டம் தட்டுவதாகவும் இரண்டு தடவை கழுத்தைப் பிடித்துத் தள்ளியதாகவும் சொன்னான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவனை அமைதிப்படுத்த அதுதான் வழி என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் அதே ஆள் இன்னொரு பையனை அடித்துவிட்டார். நான் நிர்வாகத்திடம் போய் முதல் பையன் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நான் சொன்னது அவனுக்கு என் வாயால் தெரியவில்லை, வேறொருவர் சொல்லித் தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. நான் இரண்டு தவறு செய்தேன். கொடுக்கக் கூடாத வாக்கைக் கொடுத்தேன், அதை மீறும்போது அவனிடம் முதலில் சொல்லவில்லை.

அவர் ரகசியம் கேட்கும்போது உண்மையில் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். வீட்டுக்குத் தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயமாக இருக்கலாம். சீனியரின் காதுக்குப் போய்விடும் என்ற பயமாக இருக்கலாம். "யாருக்குத் தெரிஞ்சிடும்னு பயப்படுறே?" என்று கேளுங்கள். எங்கள் கதையில் அந்தப் பெண் "அண்ணனுக்கு" என்கிறார். அண்ணனும் சீனியரும் ஒரே தெரு. இப்போது உங்களால் காப்பாற்றக்கூடிய வாக்கு ஒன்று கிடைத்துவிட்டது: "உன் வீட்டுக்கு நான் போன் பண்ண மாட்டேன். கடையில ஹெச்.ஆர். மேடத்துக்கு மட்டும் தெரியும்." நிறைவேற்ற முடிந்த சிறிய வாக்கு அவருக்கு உபயோகப்படும். பெரிய சத்தியம் உபயோகப்படாது.

எல்லாம் சொல்லிட்டு "புகார் வேணாம், விட்டுடுங்க"ன்னா விட்டுடலாமா?

பெரும்பாலும் அவர் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்கலாம். பட்டப்பெயர், ஒதுக்கி வைத்தல், இன்சென்டிவ் தகராறு இவற்றில் உடனே புகாராக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குறிப்பு எழுதி வைத்து, அடுத்து எந்த நாளில் பேசுவது என்று இரண்டு பேரும் முடிவு செய்யுங்கள். "ஒரு வாரம் கழிச்சு வியாழக்கிழமை நானே வந்து கேக்குறேன்" என்று நாளோடு சொல்லுங்கள். உங்கள் நிறுவன விதி கட்டாயம் மேலே சொல்லச் சொன்னால், முன்பே சொன்ன எல்லை வாக்கியம்தான் அங்கே உதவும்.

அடி, மிரட்டல், பாலியல் தொந்தரவு, 18 வயதுக்குக் கீழே உள்ளவர், வேறு ஊழியர்களுக்கும் நடக்கிறது என்ற தகவல், இவை வந்தால் விட முடியாது. 18-க்குக் கீழே உள்ளவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீசிடம் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம். "வாழவே பிடிக்கல" என்று ஒரு சொல் விழுந்தால் தாண்டிப் போகாதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக அனுப்பாதீர்கள். அவர் நம்பும் ஒருவரை வரவழையுங்கள். உங்கள் போனிலிருந்தே 14416-க்கு, அதாவது டெலி மனஸ் எண்ணுக்குப் பேச வையுங்கள்.

எழுதி வைக்கணுமா? பேனாவை எடுத்தாலே பயப்படுறாங்க.

பேசும்போது எழுத வேண்டாம். முடிந்த கையோடு, அன்றைக்கே எழுதுங்கள். "நான் மறந்துடக் கூடாதுன்னு நாலு வரி எழுதி உனக்கே படிச்சுக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு எழுதினால் பயம் குறையும்.

"சீனியர் மோசமாக நடக்கிறார், பெண் மனம் உடைந்திருக்கிறார்" என்று எழுதினால் அது உங்கள் கருத்து. அதைவிட இப்படி எழுதலாம்: "செவ்வாய், மாலை 4.10, குடோன் அறை. திங்கள் சாயங்காலம் கஸ்டமர் முன்னால் 'ஊமைக்கோட்டான்' என்று கூப்பிட்டதாகச் சொன்னார். பில் கவுண்டரில் ஒருவர் இருந்ததாகச் சொன்னார். போன வாரம் மூன்று தடவை ஸ்டூலை எடுத்ததாகச் சொன்னார். செக்‌ஷன் மாற்றம் கேட்கிறார், புகார் இப்போது வேண்டாம் என்கிறார். வியாழன் திரும்பப் பேசுவதாகச் சொன்னேன்." அவர் சொன்ன சொல் கொச்சையாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள், நாகரிகமாக மாற்றாதீர்கள். படித்துக் காட்டித் திருத்தம் கேளுங்கள். பூட்டிய மேஜையில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஒரு ஃபார்வர்டில் ஊர் முழுக்கப் போய்விடும்.

"அடுத்து என்ன சார் நடக்கும்?"னு கேட்டா என்ன சொல்றது?

தெரிந்ததை மட்டும் வரிசையாகச் சொல்லுங்கள். இதை யாரிடம் கொண்டுபோகிறேன், எந்த நாளுக்குள், அவர் உன்னைக் கூப்பிடுவாரா, சீனியருக்கு எப்போது தெரியும், நாளைக்கு நீ வேலைக்கு வரும்போது என்ன மாறியிருக்கும். "நிச்சயமா அவரைத் தூக்கிடுவோம்" என்று சொல்லாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. விசாரணை நடந்தால் சீனியருக்கும் குற்றச்சாட்டைத் தெரிவித்துத்தான் பதில் கேட்பார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எந்தப் பாதை என்பது என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. பொதுவான டார்ச்சருக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. நிறுவனத்தின் ஒழுங்கு விதிப்படிதான் போக வேண்டும். பெண் ஊழியரிடம் பாலியல் தொந்தரவு என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். கடைசியாக நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவதும் குழுவின் கடமை. விசாரணைக்கு 90 நாள். "யோசிச்சுச் சொல்லு" என்று நீங்கள் இரண்டு மாதம் ஆறப்போட்டால் அவருடைய நாட்கள்தான் கரைகின்றன. அதனால் இந்தக் கணக்கை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பட்டியலினத்தவரை நாலு பேர் அறியச் சாதிப் பெயரால் இழிவுபடுத்தினால் அது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். அதைக் கடைக்குள் பேசி முடிக்கும் விஷயமாக நினைக்காதீர்கள்.

ரெண்டு பேரையும் எதிரெதிரா உக்கார வெச்சுப் பேசி முடிச்சிடலாமே? ஊர்ல பஞ்சாயத்து அப்படித்தானே?

வாய்க்கால் தண்ணீர்த் தகராறு என்றால் சரி. இரண்டு பேருக்கும் நிலம் இருக்கிறது, இரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது. இங்கே ஒருவர் பதினைந்து வருட சீனியர், மற்றவர் எட்டு மாதமாக வேலை பார்ப்பவர். நேருக்கு நேர் உட்கார வைத்தால் அந்தப் பெண் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார், நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லி எழுந்துவிடுவார். நீங்கள் முடிந்தது என்று நினைப்பீர்கள். மறுநாள் முதல் கதை இன்னும் மோசமாகும், இனி உங்களிடம் வரவும் மாட்டார். சீனியரைத் தனியாகக் கூப்பிட்டு "லேசா" எச்சரிப்பதும் அதே விளைவைத்தான் தரும். யார் சொன்னார் என்று அவருக்குத் தெரிந்துவிடும், ஆனால் பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் இருக்காது.

சொல்லப்படுறவர் முதலாளி மகனா இருந்தா? இல்ல என் மச்சானாவே இருந்தா?

உங்கள் சொந்தக்காரர் என்றால் அதை அந்த நிமிடமே சொல்லுங்கள். "அவர் எனக்கு உறவு. நான் இதைக் கையாளக் கூடாது. கேட்டுக்கறேன், இன்னார்கிட்ட உன்னை அழைச்சுட்டுப் போறேன்." அதற்கு மேல் நான்கு கேள்விகளையும் கேட்க வேண்டாம். அந்த வேலை அடுத்தவருடையது.

முதலாளி குடும்பம் நடத்தும் கடையில் உள்ளே இருக்கும் வழிகள் குறுகியவைதான், அதை மழுப்பக் கூடாது. பாலியல் தொந்தரவு முதலாளி மீதே என்றால் கடையில் எத்தனை பேர் இருந்தாலும் மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கே போகலாம். பெண்களுக்கான 181 எண்ணில் ஆலோசனை கிடைக்கும். இருக்கை, வேலை நேரம், சம்பளப் பிடித்தம் போன்றவற்றுக்குத் தொழிலாளர் துறை இருக்கிறது. வெளியில் வழி இருக்கிறது என்று ஊழியருக்குச் சொல்வது முதலாளிக்குத் துரோகம் என்று பலர் கலங்குகிறார்கள். சட்டத்தில் இருக்கும் வழியைச் சொல்வது உங்கள் வேலையின் பகுதி.

பொய் சொல்றாங்கன்னு தோணினா?

தோன்றட்டும். முதல் பேச்சில் நீங்கள் நீதிபதி இல்லை என்று முதல் பதிலிலேயே பார்த்தோம். தேதி குழம்புவது, முன்பின்னாகச் சொல்வது, சிரித்துக்கொண்டே சொல்வது இவை எதுவும் பொய்க்கு அடையாளம் இல்லை. சொன்னதை எழுதுங்கள், அனுப்புங்கள்.

பேசின மறுநாள் எதைக் கவனிக்கணும்?

முக்கியமாக, அவரை அவர் கேட்காமல் இடம் மாற்றாதீர்கள். பாதுகாப்புக்கு என்று சொல்லி அந்தப் பெண்ணை மூன்றாவது மாடி குடோனுக்கு அனுப்பினால், சொன்னதற்குத் தண்டனை என்றுதான் மற்றவர்கள் படிப்பார்கள். மாற்றம் வேண்டுமென்றால் சீனியரின் இடத்தை மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். அந்தப் பெண்ணே கேட்டார் என்றால் அவரை மாற்றலாம். இன்சென்டிவ் குறையாத இடமாக இருக்கட்டும்.

அப்புறம் பழிவாங்கல் எப்படி வரும் என்றால், பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். வாராந்திர விடுப்பு திடீரென்று மாறும், வாட்ஸ்அப் குழுவிலிருந்து பெயர் போயிருக்கும், பில் எண்ணிக்கை குறையும். இரண்டு மூன்று வாரத்துக்கு ரோஸ்டரையும் பில் கணக்கையும் பார்த்து வாருங்கள். சொன்ன வியாழக்கிழமை, புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் போய்ப் பேசுங்கள்.

இதையெல்லாம் எங்க சூப்பர்வைசர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கறது? படிச்சுக் காட்டினா தலையாட்டிட்டுப் போயிடறாங்க.

நடிக்க வையுங்கள். மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒருவர் சொல்பவர், ஒருவர் கேட்பவர், ஒருவர் தாளோடு பார்ப்பவர். பத்து நிமிடம். பார்ப்பவர் மூன்றை மட்டும் குறிக்கிறார்: எல்லை வாக்கியம் எத்தனையாவது நிமிடத்தில் வந்தது, "ஏன்" எத்தனை முறை வந்தது, அடுத்த சந்திப்புக்கு நாள் சொல்லப்பட்டதா. அப்புறம் இடம் மாற்றி மூவரும் மூன்று வேடமும் போட வேண்டும்.

முதல் சுற்றில் எல்லை வாக்கியம் பெரும்பாலும் வரவே வராது, அல்லது எல்லாம் சொல்லி முடித்த பிறகு வரும். அப்போது சொல்பவராக நடித்தவரிடம், "அதைக் கேட்டதும் உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். ஒரு பயிற்சியில் ஐம்பது வயது ஆலை சூப்பர்வைசர் ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முன்னாடியே சொல்லியிருந்தா அந்தப் பேரைச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். இரண்டாவது சுற்றில் அவர் கேட்பவராக உட்கார்ந்தபோது முதல் நிமிடத்திலேயே அந்த வாக்கியம் வந்துவிட்டது.